எடுத்து வைத்த புடவையை எப்போது மீண்டும் விற்பனைக்கு விடுவது?

ஆரணிச்சாலை · 12 செப்டம்பர் 2025, இரவு 9:20

நாங்கள் ஆரணியில் பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கிறோம். இரண்டு ஆண்டுகளாக இணையத்திலும் விற்கிறோம். எங்கள் சரக்கில் பெரும்பகுதி ஒற்றைப் புடவைகள். அதே நிறம், அதே கரை, அதே முந்தானையில் இன்னொன்று வேண்டுமென்றால் மீண்டும் தறியில் ஏற்றித்தான் நெய்ய வேண்டும்.

ஆர்டர் வந்தவுடன் எங்கள் தளம் அந்தப் புடவையைப் பதினைந்து நிமிடம் எடுத்து வைக்கிறது. பணம் வந்தால் விற்றதாகக் கணக்கு. பணம் செலுத்துவது தோல்வி என்று கேட்வேயிலிருந்து செய்தி வந்தாலோ, பதினைந்து நிமிடம் கடந்தாலோ புடவை மீண்டும் விற்பனைக்கு வந்துவிடும். தோல்விச் செய்தி வந்த கணமே விடுவிப்பதுதான் சரி என்பது என் கருத்து. வாங்காதவருக்காக ஒற்றைப் புடவையைப் பூட்டி வைப்பது, வாங்க வந்தவருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் கடந்த 7ஆம் தேதி, மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட ₹14,800 புடவைக்கு இரண்டு பேரிடமிருந்தும் பணம் வந்துவிட்டது. தளத்தை எழுதிக் கொடுத்த தம்பி இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். பிழை எங்கே இருக்கக்கூடும்?

சத்துவாச்சாரி · 12 செப்டம்பர் 2025, இரவு 10:05

இருவரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தியிருப்பார்கள். இரண்டு கோரிக்கைகளும் இருப்பு ஒன்று என்று படித்துவிட்டு, இரண்டும் எடுத்து வைத்திருக்கும். தரவுத்தளத்தில் பூட்டுப் போட்டால் தீர்ந்தது. நான் வேலூரில் நான்கு கடைகளுக்கு வூகாமர்ஸில் தளம் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். அதில் இருப்பைப் பிடித்து வைக்கும் நேரம் 60 நிமிடம் என்று ஏற்கெனவே இருக்கும். அதற்கு மேல் நான் எதுவும் செய்வதில்லை. இதுவரை புகார் வந்ததில்லை.

குடியாத்தம் லுங்கி · 13 செப்டம்பர் 2025, காலை 7:40

எங்களுக்கும் இதே தொல்லைதான். பொருளைப் பெற்றுக்கொண்டு பணம் தருவதாகச் சொல்லி ஆர்டர் போடுகிறவர்கள் வீட்டில் இல்லை என்று சொல்லிவிட, பார்சல் பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வருகிறது. திரும்பிய லுங்கியைப் பிரித்துப் பார்த்து, கறை இல்லை என்று உறுதி செய்த பிறகே நான் இருப்பில் ஏற்றுவேன். நீங்களும் அவசரப்பட்டு ஏற்ற வேண்டாம்.

பாலாற்றங்கரை · 13 செப்டம்பர் 2025, காலை 8:15

குடியாத்தம் ஐயா சொல்வது வேறு கட்டம். அங்கே பொருள் கடையை விட்டுப் போய்த் திரும்புகிறது, இங்கே புடவை அலமாரியை விட்டு நகரவே இல்லை. ஆனாலும் உறுதி தெரியாமல் இருப்பில் ஏற்றக் கூடாது என்று அவர் சொன்னது இந்தக் கேள்விக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஒரே நொடியில் அழுத்தியது காரணமாக இருக்கலாம், ஆனால் ஊகிக்கத் தேவையில்லை. ஆரணிச்சாலை அவர்களே, அந்த இரண்டு ஆர்டர்களுக்கும் தளத்தின் பதிவில் உள்ள நேரங்களையும், கேட்வேயின் பக்கத்தில் அந்தப் பணத்துக்குக் காட்டும் நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இங்கே தாருங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் எத்தனை முறை பணம் செலுத்த முயன்றார்கள் என்பதும் வேண்டும்.

ஆரணிச்சாலை · 13 செப்டம்பர் 2025, மதியம் 1:30

எடுத்துவிட்டேன். நொடிக் கணக்கு வரை இருக்கிறது.

19:40:10 சென்னை வாடிக்கையாளர் ஆர்டர் போடுகிறார்; புடவை எடுத்து வைக்கப்படுகிறது.
19:41:32 அவருடைய யுபிஐ முயற்சி தோல்வி. அதே நொடியில் புடவை விடுவிக்கப்படுகிறது.
19:42:20 வாணியம்பாடி வாடிக்கையாளர் ஆர்டர் போடுகிறார். புடவை அவருக்காக எடுத்து வைக்கப்படுகிறது.
19:43:05 சென்னை ஆர்டருக்கு இரண்டாவது முயற்சி, வேறு வங்கிக் கணக்கிலிருந்து; பணம் வந்துவிட்டது.
19:43:40 வாணியம்பாடி ஆர்டருக்குக் கார்டில் பணம் வந்துவிட்டது.

ஒரு ஆர்டருக்கு இரண்டு முயற்சி இருக்க முடியும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

பாலாற்றங்கரை · 13 செப்டம்பர் 2025, இரவு 9:50

உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது. தரவுத்தளப் பூட்டு இங்கே தவறவில்லை. இரண்டு ஆர்டர்களுக்கும் நடுவே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. தவறியது, தோல்வி என்ற சொல்லை நாம் புரிந்துகொண்ட விதம். 19:41:32க்குக் கேட்வே உங்களிடம் சொன்னது ஒரு முயற்சி தோற்றது என்பதைத்தான். ஆர்டர் முடிந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. பணம் செலுத்தும் திரை சென்னைக்காரரின் கைப்பேசியில் இன்னும் திறந்தே இருந்தது. வங்கி பதில் சொல்லவில்லை, அல்லது ரகசிய எண்ணைத் தவறாக அடித்தார். அவர் செய்தது நாம் அனைவரும் செய்வது, அதாவது இன்னொரு கணக்கைத் தேர்ந்தெடுத்து மீண்டும் அழுத்தியது. அவர் பார்வையில் புடவை அவர் கையில் இருக்கிறது. உங்கள் தளத்தின் பார்வையில் அவர் போய்விட்டார்.

ஆகவே உங்கள் கருத்தோடு நான் முழுமையாக மாறுபடுகிறேன். முயற்சி தோற்றதற்காக ஒருபோதும் இருப்பை விடுவிக்கக் கூடாது. அந்தச் செய்தியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளருக்கு மீண்டும் முயலும்படி காட்டுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆர்டர் முடிவது இரண்டே வழிகளில்தான்: வாடிக்கையாளரே ரத்து செய்ய வேண்டும், அல்லது நீங்கள் கொடுத்த கெடு முடிய வேண்டும். வாங்க வந்த இன்னொருவருக்கு அநியாயம் என்றீர்கள். அவர் அதிகபட்சம் பதினைந்து நிமிடம் காத்திருக்கிறார். "ஒருவர் பணம் செலுத்திக்கொண்டிருக்கிறார், சற்று நேரம் கழித்துப் பாருங்கள்" என்று தளம் சொன்னால் அவர் புரிந்துகொள்வார். பணத்தைக் கட்டிவிட்டுப் புடவை இல்லை என்று கேட்பவரின் மனவருத்தம் அதைவிடப் பெரிது.

சத்துவாச்சாரி · 13 செப்டம்பர் 2025, இரவு 10:30

ஒப்புக்கொள்கிறேன், பூட்டு காரணம் இல்லை. ஆனால் கெடு முடிந்து விடுவிப்பதில் என்ன சிக்கல் இருக்கப்போகிறது? 60 நிமிடம் கொடுத்துவிட்டால் யாரும் அதற்குப் பிறகு பணம் கட்டப்போவதில்லை. அப்படியே தாமதமாகப் பிடித்த பணம் வந்தாலும் வங்கி தானாகத் திருப்பிவிடும். ஐந்து நாள் விதி ஒன்று இருக்கிறதே.

பாலாற்றங்கரை · 14 செப்டம்பர் 2025, காலை 6:50

ஐந்து நாள் விதி இருப்பது உண்மை. 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வணிகருக்கு யுபிஐ வழியாகச் செலுத்தும்போது கணக்கில் பணம் கழிந்தும் வணிகரிடம் உறுதி வந்து சேராவிட்டால், நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு ₹100 ஈடு. ஆனால் இது உறுதி வந்து சேராத பணத்துக்கான விதி. நம்முடைய சிக்கல், தாமதமாக உறுதி வந்து சேர்ந்த பணம். கேட்வேயின் கணக்கில் அது வெற்றி என்று ஏறிவிட்டால், வங்கிக்கு அது முறையாக முடிந்த வணிகம். நீங்கள் திருப்பக் கட்டளையிடாதவரை அது எங்கும் திரும்பாது. இதைத் தெரியாமல் ஒரு கடைக்காரர் மூன்று வாரம் வாடிக்கையாளரை வங்கியிடம் அனுப்பிக்கொண்டிருந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

60 நிமிடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வூகாமர்ஸில் பணம் வராத ஆர்டர்களை ரத்து செய்யும் வேலை, அது இயங்கும் தளமான வேர்ட்பிரஸின் உள் நேரக்காப்பாளரை நம்பி இருக்கிறது. அந்த நேரக்காப்பாளர் யாராவது தளத்தைத் திறந்தால்தான் விழிக்கும். இரவு இரண்டு மணிக்கு யாரும் வராத சிறு கடையில் அறுபது நிமிடம் என்பது விடியும் வரை நீளக்கூடும். சர்வரின் சொந்த நேரக்காப்பாளரிடம் அந்த வேலையை ஒப்படைத்தால் இது தீரும். உங்கள் நான்கு கடைகளிலும் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

பாலாற்றங்கரை · 14 செப்டம்பர் 2025, இரவு 8:40

காலையில் அவசரத்தில் கெடுவைப் பற்றிய முக்கியமான பகுதியை விட்டுவிட்டேன்.

நான் சில ஆண்டுகளுக்கு முன் ஆம்பூரில் ஒரு காலணி விற்பனைக் கடைக்கு ஆர்டர் மென்பொருள் எழுதினேன். அங்கே எட்டாம் அளவில் மூன்று ஜோடி இருக்கும்; ஒன்று தவறினால் இன்னொன்றைக் கொடுத்துச் சமாளித்துவிடலாம், அதனால் பிழை பல மாதம் வெளியே தெரியவே இல்லை. பிழை இதுதான்: பணம் செலுத்தும் திரைக்கும் பதினைந்து நிமிடம், இருப்பை எடுத்து வைப்பதற்கும் பதினைந்து நிமிடம் என்று ஒரே கெடுவை வைத்திருந்தேன். பதினான்காவது நிமிடம் ஐம்பதாவது நொடியில் ஒருவர் ரகசிய எண்ணை அடித்தால், வங்கி பதில் சொல்லும்போது பதினாறாவது நிமிடம் ஆகியிருக்கும். பணம் வரும் வழியில் இருக்கும்போதே காலணி விடுவிக்கப்பட்டுவிடும்.

இரண்டு கெடுக்களும் வெவ்வேறாக இருக்க வேண்டும். இப்போது நான் பணம் செலுத்தும் திரையைப் பத்தாவது நிமிடத்தில் மூடுகிறேன், இருப்பைப் பதினைந்தாவது நிமிடம் வரை வைத்திருக்கிறேன். பதினைந்தாவது நிமிடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு விடுவிப்பதில்லை. முதலில் கேட்வேயிடம் அந்த ஆர்டரின் நிலையைக் கேட்கிறேன். பணம் வந்துவிட்டது என்றால் விற்றதாக மாற்றுகிறேன், ஏனெனில் அது அனுப்பிய செய்தி வழியில் தொலைந்திருக்கலாம். பணம் இல்லை என்றால் விடுவிக்கிறேன். இன்னும் நிலுவையில் இருக்கிறது என்றால் மேலும் பத்து நிமிடம், ஒரே ஒரு முறை மட்டும் நீட்டிக்கிறேன். கெடு முடிந்ததா என்பதைத் தரவுத்தளத்தின் கடிகாரத்தை வைத்தே பார்க்கிறேன். இரண்டு சர்வர்களின் கடிகாரங்கள் அரை நிமிடம் வேறுபட்டதால் ஒரு முறை அவதிப்பட்டேன்.

எடுத்து வைப்பதற்கு நான் பயன்படுத்துவது இது:

```sql
UPDATE stock SET held = held + 1
WHERE sku = 'AR-2217' AND on_hand - held >= 1;
```

ஒரு வரிசை மாறினால் புடவை கிடைத்தது; எதுவும் மாறவில்லை என்றால் வேறொருவர் முந்திக்கொண்டார். முதலில் படித்துப் பார்த்துவிட்டுப் பிறகு எழுதுவது கூடாது. சத்துவாச்சாரி நண்பர் சொன்ன ஆபத்து அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. விடுவிக்கும்போது `held` எண்ணில் ஒன்றைக் குறைத்துவிட்டால் போதும்.

காட்பாடி · 15 செப்டம்பர் 2025, காலை 11:10

கடைசி வரியை ஏற்க இயலவில்லை, ஐயா. கேட்வே ஒரே செய்தியை இரண்டு முறை அனுப்பும். பதில் தாமதமானால் மீண்டும் அனுப்புவது அதன் வழக்கம். அதோடு நேரக்காப்பாளரும் அதே ஆர்டரை விடுவிக்க வருகிறது. ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை குறைத்தால் என்ன ஆகும்? ஆரணிச்சாலை அவர்களே, உங்கள் தரவுத்தளத்தில் `held` சுழியத்துக்குக் கீழே போன வரிசை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆரணிச்சாலை · 15 செப்டம்பர் 2025, மாலை 4:25

இரண்டு புடவைகளில் −1 என்று இருக்கிறது. கையிருப்பு 1, எடுத்து வைத்தது −1. ஆகவே தளம் அந்தப் புடவை இரண்டு விற்கக் கிடைக்கும் என்று கணக்கிடுகிறது. இல்லாத புடவை ஒன்றை நாங்கள் விற்பனைக்கு வைத்திருந்திருக்கிறோம். இரண்டையும் இப்போது தளத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

பாலாற்றங்கரை · 15 செப்டம்பர் 2025, இரவு 9:15

காட்பாடி அம்மா சொன்னது முற்றிலும் சரி. நேற்று நான் எழுதியது தவறு, யாரும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வோர் எடுத்துவைப்புக்கும் தனி வரிசை வேண்டும், அந்த வரிசையின் நிலை ஒரே ஒரு முறைதான் மாற முடியும், எண்ணைக் குறைப்பது அந்த மாற்றத்தோடு ஒரே பரிவர்த்தனையில் கட்டுப்பட்டிருக்க வேண்டும்.

```sql
BEGIN;
UPDATE hold SET state = 'released'
WHERE order_id = 5108 AND state = 'held';
-- மேலே 1 வரிசை மாறினால் மட்டும் அடுத்த வரி
UPDATE stock SET held = held - 1 WHERE sku = 'AR-2217';
COMMIT;
```

செய்தி இரண்டாம் முறை வந்தாலும், நேரக்காப்பாளர் பின்னால் வந்தாலும், முதல் கட்டளையில் எந்த வரிசையும் மாறாது. அங்கேயே நின்றுவிட வேண்டும். விற்றதாக மாற்றுவதும் இதே முறையில்தான்: நிலை `held` ஆக இருந்தால் மட்டும் `sold` ஆகும், அப்போது கையிருப்பிலும் எடுத்து வைத்ததிலும் ஒவ்வொன்று குறையும். இதனால் விடுவிப்பும் விற்பனையும் ஒரே கணத்தில் மோதினாலும் ஒன்றுதான் வெல்லும்.

இரவுதோறும் இந்தக் கேள்வியை ஓட்டுங்கள். இரண்டு கணக்குகளும் ஒத்துப்போனால் எதுவும் வராது. ஒரு வரி வந்தாலும் அன்று ஏதோ தவறியிருக்கிறது.

```sql
SELECT s.sku, s.held, count(h.order_id)
FROM stock s
LEFT JOIN hold h ON h.sku = s.sku AND h.state = 'held'
GROUP BY s.sku, s.held
HAVING s.held <> count(h.order_id);
```

சத்துவாச்சாரி · 16 செப்டம்பர் 2025, காலை 9:00

நான்கு கடைகளையும் பார்த்தேன். ஒன்றில், இரவில் போட்ட ஆர்டர்கள் காலை ஏழு மணி வரை ரத்தாகாமல் கிடந்திருக்கின்றன. புகார் வராததற்குக் காரணம், இருப்பு இல்லை என்று பார்த்தவர்கள் பேசாமல் போய்விட்டதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கேள்வி ஒன்று. கேட்வேயிடம் கேட்டீர்கள், பணம் இல்லை என்றது, விடுவித்தீர்கள். அதற்கடுத்த நொடியில் பணம் வந்தால்?

பாலாற்றங்கரை · 16 செப்டம்பர் 2025, இரவு 10:10

இதற்கு முழுமையான தடுப்பு எனக்குத் தெரிந்து இல்லை. திரையை முன்கூட்டியே மூடுவதும், மூடிய பிறகு ஐந்து நிமிடம் பொறுப்பதும், விடுவிக்கும் முன் கேட்பதும் அந்த இடைவெளியைச் சுருக்குகின்றனவே தவிர இல்லாமல் ஆக்குவதில்லை. பணம் மூன்று நான்கு நிறுவனங்களைக் கடந்து வருகிறது. அவர்களுடைய தரவுத்தளத்தையும் நம்முடையதையும் ஒரே பரிவர்த்தனையில் கட்ட நம்மால் முடியாது. ஆகவே தாமதமாக வரும் பணத்தைப் பிழை என்று கருதாமல், நடக்கக்கூடிய ஒரு நிலை என்று எழுதி வைத்துவிட வேண்டும்.

விடுவிக்கப்பட்ட ஆர்டருக்குப் பணம் வந்தால் என் மென்பொருள் முதலில் மேலே உள்ள அதே கட்டளையால் பொருளை மீண்டும் எடுத்து வைக்க முயல்கிறது. இன்னும் யாரும் எடுக்கவில்லை என்றால் கிடைத்துவிடும். ஆர்டர் பழையபடி தொடரும், வாடிக்கையாளருக்கு நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. கிடைக்கவில்லை என்றால் அதே நிமிடத்தில் பணத்தைத் திருப்பக் கட்டளை போகிறது, வாடிக்கையாளருக்கு எவ்வளவு பணம், ஏன் திரும்புகிறது, அதன் குறிப்பு எண் என்ன என்ற செய்தியும் போகிறது. ஆம்பூர்க் கடையில் முதலில் எழுதிய நிரல், ரத்தான ஆர்டருக்கு வந்த பணச்செய்தியைப் பொருந்தாதது என்று ஒதுக்கித் தள்ளிவிட்டது. நான் செய்த பிழைகளில் அதுதான் மிக மோசமானது, ஏனெனில் பணம் கடையின் கணக்கில் இருந்தது, ஆர்டர் இல்லை, யாருக்கும் தெரியவில்லை.

கார்டில் ஒரு வசதி உண்டு. தொகையை முதலில் நிறுத்தி வைத்து, பொருள் கையில் இருக்கிறது என்று உறுதி செய்த பிறகு எடுத்துக்கொள்ளும்படி பல கேட்வேக்களில் அமைக்கலாம். எடுக்காமல் விட்டால் நிறுத்திய தொகை தானே விடுபட்டுவிடும். வழக்கமான யுபிஐயில் பணம் நேராகக் கழிந்துவிடுவதால் அங்கே திருப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

காட்பாடி · 17 செப்டம்பர் 2025, காலை 10:20

தானாகத் திருப்புவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. திருமணத்துக்காகப் பதினான்காயிரம் ரூபாய்ப் புடவை பார்த்துப் பார்த்து எடுத்தவரிடம், பணம் திரும்புகிறது என்று ஓர் இயந்திரச் செய்தி போவது சரியா? தொலைபேசியில் பேசினால் அதே தறிக்காரரிடம் வேறு நிறத்தில் காட்டலாமே.

பாலாற்றங்கரை · 17 செப்டம்பர் 2025, மதியம் 2:05

காலணிக்கு என் முறை பொருந்தும்; புடவைக்கு நீங்கள் சொல்வது பொருந்தலாம். ஆனால் பேசுவதற்கு ஒரு கெடு வையுங்கள். அன்று கடை மூடுவதற்குள் பேச முடியாவிட்டால் பணம் தானாகத் திரும்பிவிட வேண்டும்.

ஆரணிச்சாலை · 28 செப்டம்பர் 2025, இரவு 9:35

காட்பாடியிலிருந்து ஒரு தம்பியை அழைத்து எல்லாவற்றையும் மாற்றி எழுதிவிட்டோம். முயற்சி தோற்றதற்காக இனி விடுவிப்பதில்லை. முதல் வாரத்திலேயே ஒருவர் மூன்று முறை தோற்று நான்காவது முறை, ஒன்பதாவது நிமிடத்தில் பணம் கட்டினார். பழைய தளமாக இருந்தால் அந்தப் புடவை மூன்று முறை கடைக்குத் திரும்பியிருக்கும். ஒரு தாமதப் பணம் இருபத்தோராவது நிமிடத்தில் வந்தது, புடவை இன்னும் இருந்ததால் அவருக்கே போனது. 7ஆம் தேதி புடவையை, முதலில் ஆர்டர் போட்டவர் என்பதால் சென்னைக்காரருக்கே அனுப்பினோம். வாணியம்பாடி அம்மாவிடம் என் மனைவி பேசினார். அவர் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், வேறு புடவை வேண்டாம் என்றார்.

இப்போது புதிய கேள்வி வந்திருக்கிறது. நேற்று மாலை தளத்தில் ஒரு புடவை எடுத்து வைக்கப்பட்டிருந்த அதே நேரத்தில், கடைக்கு நேரில் வந்தவர் அதைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தந்தை அவருக்கே பில் போட்டுவிட்டார். கையில் இருப்பவரிடமிருந்து புடவையை வாங்கி வைக்க முடியாது என்கிறார்.

பாலாற்றங்கரை · 29 செப்டம்பர் 2025, காலை 7:10

கல்லாவில் பில் போடும் நிரலும் அதே கட்டளை வழியாகத்தான் போக வேண்டும், அப்போது எடுத்து வைத்த புடவைக்குப் பில் விழாது. ஆனால் அது பில் போடும் நேரத்தில்தான் தெரியும், அதற்குள் வாங்குபவர் புடவையைத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டிருப்பார். விற்பனையாளர் புடவையை விரிக்கும்போதே அதன் சீட்டை ஸ்கேன் செய்து கடையின் பெயரில் அரைமணி நேரம் எடுத்து வைக்கலாம். தீபாவளி நெரிசலில் அதை யார் செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

குடியாத்தம் லுங்கி · 29 செப்டம்பர் 2025, காலை 8:30

ஒற்றைப் புடவைகளில் இணையத்துக்கு என்று ஒதுக்கியவற்றைத் தனி அலமாரியில் வைத்துவிடுங்கள், ஐயா. நாங்கள் வெளியூர் வியாபாரிகளுக்கான கட்டுகளை அப்படித்தான் பின்னறையில் வைக்கிறோம்.

ஆரணிச்சாலை · 29 செப்டம்பர் 2025, இரவு 10:00

அப்பா அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல புடவைகள் எல்லாம் பின்னறைக்குப் போய்விடும் என்கிறார். தீபாவளி வரை நாற்பது புடவைகளை மட்டும் அப்படி வைத்துப் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறேன்.